6% சந்தையை 9% ஆக்க விளம்பரத்துக்கு 60 லட்சம் போதுமா? ஏஜென்சி கணக்கு சரிதானா?

மசாலா வாரிசு | ஜூன் 3, இரவு 10.20

அப்பா ஆரம்பித்த மசாலாப் பொடி கம்பெனி. ஈரோடு, கோவை, திருப்பூர், நாமக்கல், இந்த நாலு மாவட்டம்தான் எங்கள் சந்தை. இங்கே பாக்கெட் மசாலா வருடத்துக்குச் சுமார் 120 கோடிக்கு விற்கிறது என்பது எங்கள் டீலர்கள் சொல்வதை வைத்து நாங்கள் போட்ட கணக்கு. அதில் எங்களுடையது 7.2 கோடி, அதாவது 6 சதவீதம். இரண்டு வருடத்தில் 9 சதவீதம் ஆக வேண்டும் என்று நான் சொல்லிவிட்டேன். அப்பா சிரிக்கிறார்.

ஏஜென்சிக்காரர் ஒரு தாள் கொடுத்திருக்கிறார். நாலு மாவட்டத்திலும் மசாலாவுக்கு ஆகும் விளம்பரச் செலவு எல்லா பிராண்டும் சேர்த்து 6 கோடியாம். அதில் எங்களுடையது இப்போது 30 லட்சம், அதாவது ஷேர் ஆஃப் வாய்ஸ் 5%. "இதை 60 லட்சமாக்கினால் குரல் பங்கு 9 சதவீதத்தைத் தாண்டும், சந்தைப் பங்கு பின்னாலேயே வந்துவிடும்" என்கிறார். தாளில் அழகாகத்தான் இருக்கிறது. இவ்வளவு எளிதா?

ரூட் சேல்ஸ் | ஜூன் 3, இரவு 11.05

தம்பி, 30 வருஷம் லைன்ல வண்டி ஓட்டினவன் சொல்றேன். குரலும் கிடையாது, பங்கும் கிடையாது. கடையில சரம் தொங்குதா, அதுதான் கேள்வி. அஞ்சு ரூபா சாஷே எந்தக் கடையில கண்ணுக்கு நேரா தொங்குதோ அந்த பிராண்டு போகும். 60 லட்சத்தை ஸ்கீம்ல போடு, பத்துக்கு ஒண்ணு ஃப்ரீ. ஆறு மாசத்துல 9 வரலைன்னா என்னைக் கேள்.

ஸ்பாட் எண்ணினவன் | ஜூன் 4, காலை 6.50

மீடியா பிளானிங்கில் 22 வருடம் இருந்துவிட்டு இப்போது வீட்டில் இருக்கிறேன். அந்தத் தாள் எனக்குப் பழைய நண்பன், நானே அது மாதிரி நூறு தாள் கொடுத்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் குற்ற உணர்ச்சியோடு எழுதுகிறேன்.

தாளின் அடிப்படைத் தவறு ஒன்றுதான். "குரல் பங்கு 9 ஆனால் சந்தைப் பங்கு 9 ஆகும்" என்று எந்த ஆராய்ச்சியும் சொல்லவில்லை. குரல் பங்கு சந்தைப் பங்கைவிட எவ்வளவு அதிகம் என்பதுதான் கணக்கு, அந்த மிச்சம்தான் வண்டியை நகர்த்துகிறது. பிரிட்டனில் லெஸ் பினெட், பீட்டர் ஃபீல்டு என்ற இரண்டு விளம்பர ஆய்வாளர்கள் பரப்பிய விதி இப்படிப் போகும்: குரல் பங்கு சந்தைப் பங்கைவிட 10 புள்ளி அதிகமாக இருந்தால் வருடத்துக்குச் சராசரியாக அரைப் புள்ளி சந்தைப் பங்கு கூடும். பத்துக்கு அரை. எல்லோரும் இதைக் கேட்டதும் "இவ்வளவுதானா?" என்பார்கள். இவ்வளவுதான்.

உங்களுக்குப் போட்டுப் பாருங்கள். வருடத்துக்கு ஒன்றரைப் புள்ளி வேண்டும். அப்படியானால் மிச்சம் 30 புள்ளி வேண்டும். இப்போதைய 6 உடன் 30 சேர்த்தால் குரல் பங்கு 36%. 6 கோடியில் 36% என்றால் 2.16 கோடி. அறுபது லட்சம் எங்கே, இரண்டே கால் கோடி எங்கே.

மசாலா வாரிசு | ஜூன் 4, காலை 9.15

சார், கையெல்லாம் நடுங்குது. 7.2 கோடி என்பது கடை விலை. டீலர், கடைக்காரர் மார்ஜின் போக எங்களுக்கு வருவது ஐந்தரை கோடி. அதில் 2.16 கோடி விளம்பரமா?

கைத்தறி கடை | ஜூன் 4, பகல் 1.30

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். இன்ஸ்டாகிராமில் கைத்தறிப் புடவை விற்கிறேன். ஒரு டூல் எனக்கு ஷேர் ஆஃப் வாய்ஸ் 41% என்று காட்டுகிறது. அப்படியென்றால் எனக்கு மிச்சம் கொட்டிக் கிடக்கிறதா? விற்பனை மட்டும் ஏன் அப்படியே நிற்கிறது?

ஸ்பாட் எண்ணினவன் | ஜூன் 4, மாலை 5.40

அம்மா, அந்த டூல் எண்ணுவது வேறு. நீங்கள் சேர்த்த நாலைந்து போட்டிக் கணக்குகளுக்குள் உங்கள் பெயரை எத்தனை பேர் குறிப்பிட்டார்கள் என்பதை அது எண்ணுகிறது. நீங்கள் காசு கொடுத்துப் பேசியது அல்ல, மற்றவர்கள் பேசியது. கலர் போய்விட்டது என்று ஒருவர் திட்டினாலும் அதில் ஒன்று கூடும். போட்டிப் பட்டியலில் இன்னும் இருபது கடையைச் சேர்த்துப் பாருங்கள், 41 என்பது 6 ஆகிவிடும். பெயர் ஒன்று, சரக்கு வேறு.

ஸ்பாட் எண்ணினவன் | ஜூன் 5, காலை 6.30

திருத்தம். நேற்று நான் போட்ட 2.16 கோடி தப்பு. ராத்திரி தூங்கும்போதுதான் உறைத்தது. நீங்கள் செலவைக் கூட்டினால் மொத்தமும் கூடும், 6 கோடி 6 கோடியாகவே நிற்காது. மற்றவர்கள் செலவு 5.7 கோடி. அதோடு உங்கள் பணத்தைச் சேர்த்து, அந்த மொத்தத்தில் 36% வர வேண்டும் என்றால் 3.2 கோடி போட வேண்டும். அதுவும் போட்டிக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தால்.

அதே மாதிரி உங்கள் 60 லட்சத்துக்குக் குரல் பங்கு 10% அல்ல, 9.5%. சந்தைப் பங்கு போக மிச்சம் 3.5 புள்ளி. விதிப்படி வருடத்துக்கு 0.17 புள்ளி. இரண்டு வருடம் கழித்து 6 என்பது 6.35 ஆகும். அப்பா சிரித்ததில் விஷயம் இருக்கிறது.

60 லட்சம் தப்பு என்றோ 9% தப்பு என்றோ இந்தக் கணக்கு சொல்லாது. இரண்டும் ஒரே வீட்டில் குடித்தனம் செய்ய முடியாது என்று மட்டும்தான் சொல்லும்.

ரூட் சேல்ஸ் | ஜூன் 5, காலை 8.00

நான் சொன்னதுதானே இது?

ஸ்பாட் எண்ணினவன் | ஜூன் 5, காலை 8.25

பாதி. சரம் தொங்காத கடையில் விளம்பரம் விற்காது, அது உண்மை. ஆனால் பத்துக்கு ஒன்று ஃப்ரீ கொடுத்தால் கடைக்காரர் மூன்று மாதச் சரக்கை ஒரே மாதத்தில் இறக்கி வைப்பார். உங்கள் பில் ஏறும். கடையில் வாங்குகிற அம்மா வீட்டு அஞ்சறைப் பெட்டியில் ஒன்றும் மாறியிருக்காது. நாலாவது மாதம் லைனில் போய்ப் பாருங்கள், "சரக்கு இருக்கு அண்ணாச்சி" என்பார். நீங்கள் பார்க்காததா?

ரூட் சேல்ஸ் | ஜூன் 5, காலை 8.40

பார்த்திருக்கேன். அதை எதுக்கு இப்போ.

புள்ளியியல் டீச்சர் | ஜூன் 7, இரவு 9.10

கல்லூரியில் புள்ளியியல் எடுக்கிறேன், விளம்பரத் துறை அல்ல. இரண்டு சந்தேகம்.

முதலாவது. பெரும்பாலான கம்பெனிகள் விளம்பரத்துக்கு எப்படிப் பணம் ஒதுக்குகின்றன? விற்பனையில் இத்தனை சதவீதம் என்றுதானே? எல்லோரும் விற்பனையில் 5% ஒதுக்குகிறார்கள் என்று வையுங்கள். அப்போது யாரும் ஒன்றும் செய்யாமலே ஒவ்வொருவரின் குரல் பங்கும் சந்தைப் பங்கும் ஒன்றாகிவிடும். மசாலா வாரிசு கம்பெனியின் 30 லட்சமே ஐந்தரைக் கோடியில் ஐந்தரை சதவீதம். அப்படியிருக்க இரண்டும் சேர்ந்து போவதைக் காட்டி "விளம்பரம் விற்பனையை இழுக்கிறது" என்று எப்படிச் சொல்வீர்கள்? வால் நாயை ஆட்டுகிறதா, நாய் வாலை ஆட்டுகிறதா?

இரண்டாவது. பத்துக்கு அரை என்பது சராசரி. சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறல்?

ஸ்பாட் எண்ணினவன் | ஜூன் 8, காலை 7.10

டீச்சர், முதல் கேள்விக்குப் பாதிப் பதில்தான் என்னிடம் இருக்கிறது. ஒரே வருடத்தின் இரண்டு பங்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி, அதிலிருந்து ஒன்றும் தெரியாது. அதனால்தான் இந்த வருட மிச்சத்தை அடுத்து வரும் சந்தைப் பங்கு மாற்றத்தோடு வைத்துப் பார்க்கிறார்கள். அதிலும் ஒரு ஓட்டை உண்டு. புதுச் சரக்கு நன்றாக வந்திருக்கிறது என்று தெரிந்தவன்தான் தைரியமாகப் பணம் போடுவான், அப்போது வளர்ச்சி சரக்காலா விளம்பரத்தாலா? இதை நான் வேலையில் இருந்த காலம் முழுக்க யாரும் பிரித்துக் காட்டவில்லை.

இரண்டாவது: சிதறல் நிறைய. பெரிய பிராண்டுக்கு அதே மிச்சம் அதிகம் தரும், சின்ன பிராண்டுக்குக் குறைவாகத் தரும். நல்ல விளம்பரமும் மோசமான விளம்பரமும் ஒரே சராசரிக்குள் கிடக்கின்றன.

இன்னொன்று, இது வாரிசுத் தம்பிக்கு. ஜான் ஃபிலிப் ஜோன்ஸ் என்பவர் 1990இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் 23 நாடுகளில் 1,096 பிராண்டுகளைப் பார்த்து ஒரு கட்டுரை எழுதினார். சின்ன பிராண்டுகள் தங்கள் சந்தைப் பங்கைவிட அதிகக் குரல் வாங்குகின்றன, பெரியவை குறைவாக வாங்கியும் நின்றுகொள்கின்றன என்பது சாரம். பெரிய பிராண்டை வாங்குகிறவர் அடிக்கடி வாங்குகிறார், பழக்கத்தில் வாங்குகிறார், அவருக்கு நினைவூட்டினால் போதும். அந்தக் கட்டுரையில் உங்கள் அளவு பிராண்டுகள், அதாவது 4 முதல் 6 சதவீதம் வரை உள்ளவை, சராசரியாக 4 புள்ளி அதிகம் வைத்திருந்தன.

6 உடன் 4 சேர்த்தால் 10. உங்கள் ஏஜென்சி வளர்ச்சிக்கு என்று கொடுத்த 9.5 இருக்கிறதே, உங்கள் அளவில் இருப்பவர்கள் சாதாரணமாக வைத்திருப்பதே அதுதான்.

புள்ளியியல் டீச்சர் | ஜூன் 8, காலை 10.30

அப்படியென்றால் உங்கள் இரண்டு விதியும் ஒன்றோடொன்று மோதுகிறதே. முதல் விதிப்படி மிச்சம் பூஜ்யமாக இருந்தால் பங்கு அப்படியே நிற்கும். ஜோன்ஸ் படத்தின்படி சின்ன பிராண்டுக்கு +4தான் சாதாரண நிலை. 3.5 மிச்சம் வைத்தால் வளர்வோமா, தேய்வோமா?

ஸ்பாட் எண்ணினவன் | ஜூன் 8, காலை 11.05

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். பினெட் விதியின் பூஜ்யம் எல்லா அளவு பிராண்டையும் கலந்த பூஜ்யம். பிராண்டின் அளவுக்கு ஏற்ப அதை நகர்த்த வேண்டும். எவ்வளவு நகர்த்துவது என்பதில்தான் சண்டை. ஜோன்ஸும் ஒரு காலத்தின் படம்தான் எடுத்தார், அதில் இருந்த சின்ன பிராண்டுகளில் வளர்ந்தவையும் உண்டு, செத்தவையும் உண்டு. நான் 3.5 என்பதை "ஏறக்குறைய நிற்பது" என்றே எடுப்பேன். 6.35 கூடக் கிடைக்காமல் போகலாம்.

மசாலா வாரிசு | ஜூன் 8, இரவு 11.50

ஏஜென்சிக்காரரிடம் இந்த இழையைக் காட்டினேன். கோபப்படவில்லை. "நீல்சன் என்ற சந்தை ஆய்வு கம்பெனியில் இருந்த பெக்கம் என்பவர் சொன்ன வேறு விதி இருக்கிறது" என்றார். இரண்டு வருட முடிவில் எவ்வளவு சந்தைப் பங்கு வேண்டுமோ அதைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு குரல் பங்கு வைத்தால் போதுமாம். 9க்கு 13.5 முதல் 18. பணமாக 90 லட்சத்திலிருந்து ஒன்றேகால் கோடி. இது நிஜ விதியா, இட்டுக்கட்டியதா?

ஸ்பாட் எண்ணினவன் | ஜூன் 9, காலை 6.15

நிஜ விதி. ஆனால் அது புதிதாக இறங்கும் பிராண்டுக்கு. புதுச் சரக்கு என்றால் ஒருமுறை வாங்கிப் பார்ப்போமே என்று ஆட்கள் வருவார்கள், கடைக்காரரும் இடம் கொடுப்பார். அந்த உந்துதல் சேர்ந்துதான் ஒன்றரை மடங்கு போதுமானது. உங்கள் சாம்பார் பொடி 25 வருடமாகத் தொங்குகிறது. இன்று போய்ப் புதுசு என்று சொல்ல முடியுமா?

ஒரு பிரியாணி மசாலா புதிதாகப் போடுகிறீர்கள் என்றால் அதற்கு மட்டும் பெக்கம் கணக்கை எடுங்கள். ஏஜென்சிக்காரர் படித்தவர்தான், சட்டையை மாற்றிப் போட்டுவிட்டார்.

ஸ்பாட் எண்ணினவன் | ஜூன் 9, காலை 7.40

காபி குடித்துவிட்டு மறுபடி வந்தேன். இவ்வளவு நேரம் விகிதத்தைப் பற்றியே பேசினோம். அந்த 6 கோடி எங்கிருந்து வந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நானும்தான்.

என் சொந்தக் கதை. ஒரு தலை எண்ணெய் பிராண்டுக்குப் பிளான் செய்துகொண்டிருந்தேன். பெயர் வேண்டாம். டிவி கண்காணிப்பு அறிக்கையில் எந்த பிராண்டு எத்தனை வினாடி ஓடியது என்று வரும். அதைக் கூட்டி வகுத்தேன், எங்கள் குரல் பங்கு 14%. சந்தைப் பங்கு 6. எட்டுப் புள்ளி மிச்சம் என்று பெரிய ஸ்லைடு போட்டேன், முதலாளி கை கொடுத்தார். ஒரு வருடம் போயிற்று. பங்கு 6இலிருந்து 5.8.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து டெலிகாஸ்ட் சர்டிபிகேட்டை வரி வரியாகப் படித்தேன். பாதிக்கு மேல் போனஸ் ஸ்பாட். ராத்திரி ஒன்றரை, விடிகாலை நாலே கால், பக்தி நிகழ்ச்சிக்கும் முன்னால். சேனல் இலவசமாகக் கொடுத்த வினாடிகள். ஓடியது உண்மை, பார்க்க ஆள் இல்லை. போட்டி பிராண்டோ எட்டரை மணி சீரியலில் உட்கார்ந்திருந்தது. வினாடிக்குப் பதில், எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதையும் சேர்த்து எண்ணும் ஜிஆர்பியில் கணக்குப் போட்டேன். எங்கள் குரல் பங்கு 5%. மிச்சம் அல்ல, பற்றாக்குறை. தேய்ந்தது ஏன் என்று அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

பணக் கணக்காகக் கொடுத்தாலும் இதே வில்லங்கம்தான். அறிக்கையில் வரும் ரூபாய் ரேட் கார்டு ரூபாய், அதாவது சேனல் அறிவித்த விலை. பெரிய கம்பெனி வருடம் முழுக்க மொத்தமாக வாங்கும், ரேட் கார்டைவிட எவ்வளவோ குறைத்துக் கொடுக்கும். உங்களுடையது மட்டும் பில் போட்டுக் கொடுத்த நிஜ ரூபாய். நிஜ ரூபாயை ரேட் கார்டு ரூபாயால் வகுத்தால் வருவது பங்கு அல்ல, பஞ்சாமிர்தம்.

மசாலா வாரிசு | ஜூன் 12, இரவு 9.30

கேட்டேன். சேட்டிலைட் சேனல் கணக்கு மட்டும்தானாம். தமிழ்நாடு முழுக்க ஆன செலவை மக்கள்தொகையை வைத்து நாலு மாவட்டத்துக்குப் பிரித்திருக்கிறார். உள்ளூர் கேபிள், பஸ் பின்பக்கம், சுவர், தியேட்டர் எதுவும் இல்லை. ஆனால் எங்கள் 30 லட்சத்தில் 19 லட்சம் கேபிளும் பஸ்ஸும்தான்!

ஸ்பாட் எண்ணினவன் | ஜூன் 12, இரவு 10.00

அப்படியென்றால் மேலே உங்கள் கேபிள் இருக்கிறது, கீழே போட்டிக்காரர் கேபிள் இல்லை. உங்கள் 5% ஊதின பலூன். பையன்கள் இரண்டு பேரை ஒரு வாரம் உள்ளூர் கேபிள் சேனல் முன்னால் நோட்டோடு உட்கார வையுங்கள். பஸ் ஸ்டாண்டில் ஒருவரை விட்டு வண்டி எண்ணச் சொல்லுங்கள். அந்த வாரக் கணக்கைப் பெருக்கி வருடக் கணக்காக்க முடியாது. ஆனால் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பது தெரிந்துவிடும்.

ரூட் சேல்ஸ் | ஜூன் 13, காலை 7.20

எந்த மாசம் எண்ணப் போறீங்க? புரட்டாசியில எண்ணிட்டு சிக்கன் மசாலா குரல் இல்லைன்னு சொல்லாதீங்க. அந்த மாசம் சாம்பார் பொடிதான் ஓடும், சிக்கன் மசாலா சரம் தூசி பிடிக்கும்.

ஸ்பாட் எண்ணினவன் | ஜூன் 13, காலை 7.35

அண்ணாச்சி, இதை நான் எழுத மறந்தேன். வருடச் சராசரி என்று பார்த்தால் 9.5. தீபாவளிக்கு முன்னால் எல்லோரும் கத்தும் மூன்று வாரத்தில் 2 சதவீதமாகவும் யாருமே பேசாத பிப்ரவரியில் 25 ஆகவும் இருந்தாலும் சராசரி அதேதான் வரும். சிக்கன் மசாலாவையும் சாம்பார் பொடியையும் ஒன்றாகப் போட்டதும் தப்புதான், இரண்டுக்கும் போட்டிக்காரர் ஒருவரே அல்ல.

மசாலா வாரிசு | ஜூன் 20, இரவு 10.45

ஒரு வாரம் எண்ணியாயிற்று. அதோடு மாவட்டவாரியாகச் சந்தைப் பங்கும் பிரித்தேன், இது நான் முதலிலேயே செய்திருக்க வேண்டியது. ஈரோட்டில் 14%, நாமக்கல்லில் 6, திருப்பூரில் 5, கோவையில் 3. ஆறு என்று நான் சொல்லிக்கொண்டிருந்த எண் நாமக்கல் தவிர எந்த ஊரிலும் இல்லை!

இப்போது யோசனை: நாலு மாவட்டத்தில் 60 லட்சத்தைத் தூவாமல் 45 லட்சத்தைத் திருப்பூரில் மட்டும் போட்டால்? அங்கே மற்றவர்கள் செலவு, கேபிளும் பஸ்ஸும் சேர்த்து, 1.43 கோடி என்று வருகிறது.

ஸ்பாட் எண்ணினவன் | ஜூன் 21, காலை 6.40

45ஐ 188ஆல் வகுத்தால் 24%. சந்தைப் பங்கு 5 போக 19 புள்ளி மிச்சம். உங்கள் அளவுக்கு நான் கழிக்கச் சொன்ன 4ஐக் கழித்தாலும் 15 நிற்கிறது. வருடத்துக்கு முக்கால் புள்ளி, நன்றாக நடந்தால் ஒன்று. இரண்டு வருடத்தில் திருப்பூர் 5இலிருந்து ஆறரை, ஏழு. நாலு மாவட்டத்திலும் 9 அல்ல. ஆனால் இந்த இழையில் பணமும் ஆசையும் முதல்முறையாக ஒரே ரோட்டில் போகின்றன.

இரண்டு சிக்கல். சேட்டிலைட் சேனலைத் திருப்பூருக்கு மட்டும் வாங்க முடியாது, ஆக முழுக்க உள்ளூர் மீடியாதான். பஸ் பின்பக்கத்து ஒரு ரூபாயும் சீரியல் நடுவே ஓடும் ஒரு ரூபாயும் ஒரே குரலா? விதியில் ஒரே ரூபாய், காதில் அல்ல. நான் பஸ் ரூபாயைப் பாதியாக எண்ணுவேன், அதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது, பழக்கம்தான். அடுத்தது, ரூட் சேல்ஸ் அண்ணாச்சியின் சரம். திருப்பூரில் எத்தனை கடையில் இருக்கிறீர்கள்?

மசாலா வாரிசு | ஜூன் 21, காலை 9.00

பத்தில் நாலு.

ரூட் சேல்ஸ் | ஜூன் 21, காலை 9.04

ஹா. பத்து பேருக்கு விளம்பரம் காட்டிட்டு ஆறு பேரை அடுத்த பிராண்டுகிட்ட அனுப்பப் போறீங்க.

புள்ளியியல் டீச்சர் | ஜூன் 21, இரவு 8.15

ஒரு கோரிக்கை. திருப்பூரில் போடும்போது நாமக்கல்லில் ஒன்றும் மாற்றாதீர்கள். இரண்டும் 5, 6 என்று அருகருகே இருக்கின்றன. வருட முடிவில் திருப்பூர் நகர்ந்து நாமக்கல் நகராமல் இருந்தால் நாய், வால் கேள்விக்குக் கொஞ்சமாவது பதில் கிடைக்கும். கடைகளைக் கூட்டும் வேலையையும் விளம்பரத்தையும் ஒரே மாதத்தில் தொடங்கினால் எது வேலை செய்தது என்று தெரியாது, அதையும் யோசியுங்கள்.

ரூட் சேல்ஸ் | ஜூன் 21, இரவு 8.30

டீச்சர், வியாபாரத்துல எது வேலை செஞ்சதுன்னு தெரியாட்டியும் பரவாயில்ல. வேலை செஞ்சா போதும்.

மசாலா வாரிசு | ஜூலை 19, காலை 8.10

முதலில் கடை, பிறகு விளம்பரம் என்று முடிவாகியிருக்கிறது. ஆகஸ்ட் வரை லைன் வேலை, பத்தில் ஏழு கடை வந்த பிறகு செலவு. அப்பா 45ஐ 40 ஆக்கிவிட்டார். நாமக்கல்லில் கை வைக்கப் போவதில்லை.

ஆனால் நேற்று அவிநாசி ரோட்டில் வந்துகொண்டிருந்தபோது முன்னால் போன டவுன் பஸ்ஸின் பின்பக்கம் முழுக்கப் போட்டி பிராண்டின் மிளகாய்த்தூள். எண்ணிக்கொண்டே வந்தேன், பதினோரு வண்டி. போன மாதம் பையன் எண்ணியபோது இரண்டுதான். எப்படித் தெரிந்ததோ. இது என் கணக்கில் எங்கே ஏறும்?

ஸ்பாட் எண்ணினவன் | ஜூலை 19, காலை 8.25

வகுக்கும் எண்ணில். 1.43ஐ அழித்துவிட்டு மறுபடி போடுங்கள்.